நான்கு நாள் பணியும் படிகளின் குறைப்பும்: சங்கத்தின் நிலைப்பாடு

வாரத்தில் ஐந்து நாள் பணிபுரிந்து வந்த ஊழியர், தம் சௌகரியத்தை உத்தேசித்து நான்கு நாளுக்கு மாற விண்ணப்பித்தால், வேலை நேரம் ஐந்தில் ஒரு பங்கு குறைவதற்கு இசைய ஊதியமும் குறைவதை எமது சங்கம் ஆட்சேபிக்கவில்லை. நாற்பது மணி நேர வேலையையும் நான்கே நாளில் வாங்கிக்கொண்டு சம்பளத்தை மட்டும் குறைப்பது வேறு விஷயம். அதற்கு நாங்கள் சம்மதியோம். இங்கே எங்கள் விவாதமெல்லாம் குறைப்பு எத்தனை முறை நிகழலாம், எதைத் தொடலாம் என்பதைப் பற்றியதே.

அடிப்படைச் சம்பளம் 30,000 ரூபாயும், அதில் நூற்றுக்கு நாற்பது வீதமாக வாடகைப்படி 12,000 ரூபாயும் பெறுகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். நான்கு நாளுக்கு மாறியதும் அடிப்படைச் சம்பளம் 24,000 ஆகிறது. வாடகைப்படியும், அதன் வீதமே ஆகையால், தானாகவே 9,600 ஆகிவிடுகிறது. ஆனால் 'படிகளும் விகிதாசாரமாகக் குறைக்கப்படும்' என்ற உத்தரவின் வாசகத்தை எழுத்துக்கு எழுத்து பின்பற்றுகிற சம்பளப் பிரிவு, முன்னமே குறைந்துவிட்ட அத்தொகையை மறுபடியும் ஐந்தில் நான்காக்கினால், கைக்கு வருவது 7,680 தான். சம்பளச் சீட்டில் வாடகைப்படியை அடிப்படைச் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, நாற்பது வீதம் முப்பத்திரண்டாக இறங்கியிருந்தால், குறைப்பு இருமுறை நிகழ்ந்திருக்கிறது என்று நிச்சயிக்கலாம். வீட்டுக்காரர் ஒரு முறைகூட வாடகையைக் குறைப்பதில்லை என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவைக்கலாம். நிலையான தொகையாகத் தரப்படும் படிகளில், அலுவலகம் வரும் நாளைப் பொறுத்த பயணப்படி குறையட்டும். மருத்துவப்படி குறைய நியாயம் இல்லை.

இவற்றினும் பெரிய நஷ்டம் பணிக்கொடையில் ஒளிந்திருக்கிறது. அது சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் ஊதியம், மாதத்தை இருபத்தாறு நாளாகக் கொண்டு, கடைசியாகப் பெற்ற சம்பளத்தின்மேல் கணக்கிடப்படுவது. ஆகவே, மேற்சொன்ன ஊழியர் 24 ஆண்டு முழு வாரமும், ஓய்வுக்கு முந்திய 2 ஆண்டு நான்கு நாளும் உழைத்தால், 26 ஆண்டுக்கும் 24,000-ஐயே அடிப்படையாக வைத்து 3,60,000 ரூபாய் தருவார்கள். அந்தந்தக் காலத்துக்கு அந்தந்தச் சம்பளம் என்று பிரித்துக் கணக்கிட்டால் 4,43,000-க்குச் சற்று மேல் வரும். இப்படிப் பிரிப்பது நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்த முறையன்று. அங்கஹீனத்தால் குறைந்த சம்பளத்துக்கு மாறியவருக்கு, முந்திய காலத்தை முந்திய சம்பளத்தாலேயே கணக்கிட வேண்டுமென்று 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டமே விதித்தது.

அதே முறையை நான்கு நாள் ஊழியருக்கும் நிர்வாகம் எழுத்துமூலம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றும், அந்த எழுத்து கைக்கு வரும்வரை, ஓய்வுக்குச் சில ஆண்டுகளே எஞ்சியுள்ள எமது அங்கத்தினர் மாற்று விண்ணப்பத்தில் கையொப்பமிட வேண்டாம் என்றும் சங்கம் தெரிவித்துக்கொள்கிறது.