ஒரே வரைபடம், இரு வேறு கோடுகள்

அண்மையில் நண்பர் ஒருவரின் ஆய்வேட்டு வரைவைப் படித்தேன். நிஃப்டி 50 குறியீடு பிபனாச்சி ரீட்ரேஸ்மென்ட் நிலைகளில் திரும்புகிறதா என்பது அவர் எழுப்பிய வினா. முறையியல் இயலில் ஸ்விங் புள்ளிகளைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: முக்கியமான உச்சமும் தாழ்வும் வரைபடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டன. எஞ்சிய அத்தனை அட்டவணைகளையும் அந்த ஒரு வரி செல்லாதவை ஆக்கிவிடுகிறது என்பதே என் கருத்து.

கணக்கில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. ஓர் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடைப்பட்ட தொலைவில் 23.6, 38.2, 50, 61.8, 78.6 விழுக்காடுகளில் கோடிடுகிறோம், அவ்வளவே. (இவற்றுள் 50 பிபனாச்சி விகிதமன்று, வழக்கத்தால் சேர்ந்தது.) எந்த உச்சம், எந்தத் தாழ்வு என்பதில்தான் வணிகர்கள் பிரிகிறார்கள்.

2020ஆம் ஆண்டின் பெருவீழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். முடிவு விலைகளின்படி நிஃப்டியின் உச்சம் ஜனவரி 14 அன்று 12,362.30, தாழ்வு மார்ச் 23 அன்று 7,610.25. இவற்றைக் கொண்டால், மீண்டெழும்போது 61.8 விழுக்காட்டு நிலை 10,547. மற்றொருவர் நாளிடை விலைகளைக் கொண்டு 12,430.50, 7,511.10 என்னும் புள்ளிகளை எடுத்தால் 10,551. முடிவு விலையா, நாளிடை விலையா என்று நாம் நெடுநேரம் வாதிடும் தேர்வு இந்நிலையில் நான்கு புள்ளிகளையே மாற்றுகிறது.

உண்மையான பிளவு வேறிடத்தில் உள்ளது. விலை எதிர்த்திசையில் குறைந்தது இத்தனை விழுக்காடு நகர்ந்தால்தான் அதை ஸ்விங் எனக் கொள்வேன் என்று ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, ஒரு வரம்பை வைத்திருக்கிறார்கள். மார்ச் 19 அன்று 8,263.45இல் முடிந்த குறியீடு, மறுநாள் 8,745.45இல் முடிந்தது. ஏற்றம் 5.83 விழுக்காடு. வரம்பு 6 விழுக்காடு எனில் இந்த ஏற்றம் கணக்கில் வராது. உச்சம் ஜனவரி 14 ஆகவே நிற்கும். வரம்பு 5 எனில் மார்ச் 20 புதிய உச்சமாகிறது, அதிலிருந்து 7,610.25 வரையிலான இறக்கத்துக்கு 61.8 விழுக்காட்டு நிலை 8,312. வரம்பில் ஒரு விழுக்காடு வேறுபட, கோடு 2,235 புள்ளிகள் இடம்பெயர்கிறது.

மார்ச் 25 அன்று குறியீடு 8,317.85இல் முடிந்தது. ஐந்து விழுக்காட்டு வணிகர் கோட்டின் துல்லியத்தை வியந்திருப்பார். மறுநாள் 8,641.45இல் முடிந்து அக்கோட்டைக் கடந்து சென்றது.

இவ்விருவருள் யாரும் தவறிழைக்கவில்லை. சில நாள் வணிகத்துக்கு ஒன்றும், பல மாத வணிகத்துக்கு மற்றொன்றும் பொருந்தும். ஆனால் அமைதியான ஜனவரியில் பெரிதாகத் தெரியும் ஐந்து விழுக்காடு, மார்ச்சில் ஒரே நாளின் அசைவு. ஆகவே மாறா விழுக்காட்டைவிட, அண்மைக்கால ஏற்ற இறக்கத்தின் சராசரி அளவுக்கு ஏற்ப விரிந்து சுருங்கும் வரம்பே தகும். அதை விலையைப் பார்ப்பதற்கு முன்னரே எழுதிவைக்க வேண்டும்.

இன்னொன்று, உறுதிப்படும் நாள். மார்ச் 23 தாழ்வுப் புள்ளிதான் என்பது அன்று எவருக்கும் தெரியாது. மேற்சொன்ன இரு வரம்புகளின்படியும் அது மார்ச் 25இன் முடிவில்தான் உறுதியாகிறது. அதற்குள் குறியீடு 9 விழுக்காட்டுக்கு மேல் ஏறிவிட்டது. கோட்டை மார்ச் 23 முதலே வரைந்து சோதிக்கும் ஆய்வு, எதிர்காலத்தைக் கடன் வாங்குகிறது.

இனி, 'வேலை செய்தது' என்பதன் பொருள். ஏப்ரல் 30 அன்று 9,859.90இல் முடிந்த குறியீடு, மே 18இல் 8,823.25க்கு இறங்கியது. ஜனவரி உச்சத்திலிருந்து அளந்தால் அத்திருப்பம் நிகழ்ந்தது 47.3 விழுக்காட்டில், 50 விழுக்காட்டுக் கோடு அதற்கு 126 புள்ளிகள் மேலே. அருகில்தானே என்பீர்கள். இருபுறமும் மூன்று விழுக்காடு வரை அருகு என ஏற்றால், ஐந்து கோடுகளும் சேர்ந்து முழுத் தொலைவில் 30 விழுக்காட்டை மூடிவிடும். கண்ணை மூடிக்கொண்டு வைத்த புள்ளியும் பத்தில் மூன்று முறை 'வெற்றி' பெறும். பிபனாச்சிக் கோடுகள் இதைவிட மேலானவை என்று காட்டுவதே ஆய்வாளரின் சுமை. அதே எண்ணிக்கையில் தற்செயலான கோடுகளை வரைந்து ஒப்பிடுவது அதற்கு எளிய வழி.

நண்பருக்கு நான் எழுதியனுப்பியது இவ்வளவே: ஸ்விங் வரம்பு, உறுதிப்படும் நாள், அருகின் அளவு, நேர் அளவுகோலா மடக்கை அளவுகோலா என்ற நான்கையும் முதலிலேயே அறிவியுங்கள். கடைசியானதும் சிறிதன்று; அதே முடிவு விலைகளுக்கு மடக்கை அளவுகோலில் 61.8 விழுக்காட்டு நிலை 10,271க்கு இறங்கிவிடுகிறது. இந்நான்கும் சொல்லப்படாதவரை, இருவரின் முடிவுகள் வேறுபட்டால் அதைத் திறமையின் வேறுபாடு என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. அவர்கள் அளந்தவை இரு வேறு பொருள்கள்.