ஓராண்டு தள்ளிவைக்க வழி

பிரிட்டனில் முதுகலை இடம் கிடைத்த ஒரு மாணவியை எண்ணிப் பார்ப்போம். செப்டம்பரில் வகுப்பு. ஆகஸ்ட் வந்தும் வங்கிக் கடன் கைக்கு வரவில்லை. சொந்த சேமிப்பைக் காட்டலாம் என்றால், விசாவுக்கு அந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருந்திருக்க வேண்டும். அவர் என்ன செய்வது?

இடத்தை விட்டுவிடுவதே வழி என்று பல குடும்பங்கள் முடிவெடுக்கின்றன. அது தவறு. சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைக்கும்படி பல்கலைக்கழகத்திடம் கேட்கலாம். இடத்தை ஏற்றுக்கொண்டு, வகுப்பு தொடங்கும் முன்பே எழுத வேண்டும். காரணத்தை மறைக்க வேண்டியதில்லை: கடன் தாமதமென்றால் வங்கிக் கடிதம், உடல்நலக் குறைவென்றால் மருத்துவர் சான்று.

ஒப்புதல் வந்தாலும் எல்லாமும் கூடவே நகராது. விசாவுக்கான சேர்க்கை உறுதிச் சான்றைப் புதிதாகப் பெற வேண்டும். ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் பொதுவாக இரண்டாண்டுக்கே செல்லும். அடுத்த செப்டம்பருக்குள் அது காலாவதியாகலாம். கட்டணம் உயரலாம். பெரிய இழப்பு உதவித்தொகையில்தான். பல இடங்களில் அது அந்த ஆண்டோடு முடிந்துவிடும். ஆகவே முன்பணமும் உதவித்தொகையும் அடுத்த ஆண்டுக்கு வருமா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறாமல் சம்மதிக்கக் கூடாது.

பணமில்லாததால் காத்திருப்பவரிடமிருந்தே உதவித்தொகையைப் பறிப்பது அநீதி. நிதி, உடல்நலக் காரணங்களுக்காகத் தள்ளிவைப்போருக்கு அது தொடரும் என்பதைப் பல்கலைக்கழகங்கள் சேர்க்கைக் கடிதத்திலேயே எழுதித் தர வேண்டும்.