விளம்பரக் காசு இல்லாத காபித்தூள் கடை, பெரிய கம்பெனியை எதில் ஜெயிக்கும்?

மார்க்கெட் தெருவில் ஒரு காபித்தூள் கடை. அரவை மெஷின் ஓடும்போது வாசனை நாலு கடை தள்ளி வரும். அதே தெருவில் இருக்கும் மளிகைக்கடையில் ப்ரூவும் நெஸ்கஃபேயும் கண் மட்டத்தில் அடுக்கியிருக்கும். ஒன்றுக்குப் பின்னால் இந்துஸ்தான் யூனிலீவர், இன்னொன்றுக்குப் பின்னால் நெஸ்லே. கிரிக்கெட் மேட்ச் இடைவேளையில் ஓடும் ஒரே ஒரு விளம்பரத்தின் செலவு, இந்தக் கடையின் பல வருட லாபத்தை விழுங்கிவிடும்.

இந்த நிலையில் சின்னக் கடைக்காரர்கள் வழக்கமாக மூன்றில் ஒன்றைச் செய்கிறார்கள். விலையைக் குறைக்கிறார்கள், சூப்பர்மார்க்கெட் அலமாரிக்குள் நுழையப் பார்க்கிறார்கள், இல்லையென்றால் லோக்கல் கேபிளில் விளம்பரம் கொடுக்கிறார்கள். மூன்றுமே பெரிய கம்பெனி பலமாக இருக்கும் இடங்கள். அங்கே போய் மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம்.

மார்க்கெட்டிங் உலகில் இப்படிப்பட்ட சின்ன பிராண்டை ‘சேலஞ்சர் பிராண்ட்’ என்பார்கள். அதன் அடிப்படை விதி ஒன்றுதான்: பெரியவரால் செய்ய முடியாத, செய்தால் அவருக்கே நஷ்டமாகிற ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஃபில்டர் காபியில் அந்த விஷயம், அரைத்த தேதி.

விலைக் குறைப்பு ஏன் வேலைக்கு ஆகாது?

விலை என்றதும் எல்லோரும் சொல்லும் உதாரணம் சிக் ஷாம்பு. கடலூரில் தொடங்கிய ஒரு சின்ன கம்பெனி, 50 காசு சாஷேயை வைத்து பன்னாட்டு கம்பெனிகளை ஆட்டிப் பார்த்தது உண்மை. ஆனால் ஷாம்புவில் நடந்தது காபியில் அப்படியே நடக்காது. காபித்தூளின் விலையில் பெரும்பங்கு கொட்டைக்கே போய்விடுகிறது. அந்தக் கொட்டையின் விலையை உலகச் சந்தை தீர்மானிக்கிறது. 2025 பிப்ரவரியில் அராபிகா விலை வரலாறு காணாத உச்சத்தைத் தொட்டபோது, பெரிய கம்பெனி, தெருமுனைக் கடை என எல்லோருக்கும் சேர்த்துத்தான் அடி விழுந்தது. பெரியவர்கள் மொத்தமாக, முன்கூட்டியே வாங்கிச் சமாளிக்கலாம். சின்னவரிடம் குறைக்க என்ன இருக்கிறது?

ஒன்றே ஒன்றுதான், காபியின் அளவு. 80:20 என்று விற்பதை சத்தமில்லாமல் 70:30 ஆக்கி, சிக்கரியைக் கூட்டலாம். சிக்கரி மலிவு, டிகாக்ஷன் கறுப்பாக, கெட்டியாக இறங்கும், முதல் வாரம் யாருக்கும் தெரியாது. இந்தியச் சட்டப்படி கலவைத் தூளில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், எவ்வளவு காபி, எவ்வளவு சிக்கரி என்பதை பாக்கெட்டில் போட்டாக வேண்டும். போட்டதை மீறினால் அது மோசடி. மோசடி என்பது ஒருபக்கம் இருக்க, வாசனையை நம்பி வந்த கஸ்டமர் வாசனை குறைந்ததும் போய்விடுவார். விலை கட்டவில்லை என்றால் காரணத்தைச் சொல்லி விலையை ஏற்றுவதுதான் பாதுகாப்பான வழி.

பெரிய கம்பெனி பெரிதாகப் போட முடியாத தேதி

வறுத்த கொட்டைக்குள் கார்பன் டை ஆக்சைடும் வாசனைப் பொருட்களும் அடைபட்டிருக்கின்றன. அரைத்தவுடன் கொட்டை ஆயிரக்கணக்கான துகள்களாக உடைந்து, இரண்டும் வேகமாக வெளியேறத் தொடங்கும். காற்று உள்ளே போய் மணத்தைக் கெடுக்கும். கொட்டையாக இருந்தால் வாரக்கணக்கில் தாங்கும் வாசனை, தூளானதும் சில நாட்களிலேயே இறங்குவது இதனால்தான்.

பெரிய கம்பெனியின் தூள் ஃபேக்டரியிலிருந்து டிப்போ, அங்கிருந்து டிஸ்ட்ரிப்யூட்டர், பிறகு கடை, கடைசியில் அலமாரி என்று பயணம் போகிறது. நாடு முழுக்க விற்க அந்தச் சங்கிலி தேவை. அதைத் தாங்கத்தான் நல்ல பேக்கிங்கும், மாதக்கணக்கில் காலாவதி தேதியும். தயாரித்த தேதி அந்த பாக்கெட்டிலும் உண்டு. சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. மடிப்பு ஓரத்தில் பொடி எழுத்தில் இருப்பதால் யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

சின்னக் கடை செய்ய வேண்டியது, அந்தத் தேதியைத் தன் பாக்கெட்டின் முன்பக்கத்தில், பிராண்ட் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அடிப்பது. ‘செவ்வாய் வறுத்தது, புதன் அரைத்தது’ என்று முத்திரை. பக்கத்திலேயே ‘80 காபி, 20 சிக்கரி’. இதைப் பெரிய கம்பெனி காப்பியடித்தால், கடைகளில் கிடக்கும் அதன் சரக்கெல்லாம் ஒரே நாளில் பழசாகத் தெரியும். எல்லா ஊருக்கும் சரக்கு அனுப்ப முடிகிற அதன் பலமே இங்கே பாரமாகிறது.

‘அவங்க தூள் பழசு’ என்று மட்டும் சொல்லக் கூடாது. பிரிக்காத நல்ல பாக்கெட்டில் தூள் ஓரளவு நன்றாகவே இருக்கும் என்பதால் அது முழு உண்மையும் இல்லை. பெயர் சொல்லித் தாழ்த்தினால் வழக்கும் வரலாம். தன் தேதியைச் சொன்னால் போதும். மிச்சத்தை ஃபில்டரே சொல்லிவிடும். மேல் பாத்திரத்தில் கொதிநீர் ஊற்றும்போது புதுத்தூள் நுரைத்துப் பொங்கி மேலே எழும்பும். பழைய தூள் நனைந்து அப்படியே படுத்துக்கிடக்கும். சிக்கரி அதிகமானாலும் பொங்கல் குறையும். கடை வாசலில் ஒரு ஃபில்டரை வைத்து தினமும் இதைச் செய்து காட்டினால், அதைவிட நல்ல விளம்பரப் படம் கிடையாது.

கணக்கு எப்படி வரும்?

ஒரு எடுத்துக்காட்டுக் கணக்கு பார்ப்போம். வரியை விட்டுவிடலாம். ஒரு கடை நாளைக்கு 20 கிலோ, மாதம் 600 கிலோ விற்கிறது. ஒரு வீட்டுக்கு மாதம் ஒரு கிலோ என்றால் 600 வீடுகள். கிலோ 700 ரூபாய். கொட்டை, வறுவல், வாடகை, சம்பளம் எல்லாம் சேர்த்து அடக்கம் 560. மிச்சம் 140 ரூபாய்.

இதே தூளை சூப்பர்மார்க்கெட்டில் வைத்தால், கடைக்கும் டிஸ்ட்ரிப்யூட்டருக்கும் சேர்த்து 20 சதவீதம் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதுவே 140 ரூபாய், மிச்சம் பூஜ்யம். விற்காத பாக்கெட் திரும்பி வந்தால் நஷ்டம். அதைவிட மோசம், அலமாரியில் 40 நாள் கிடக்கும் பாக்கெட்டில் பெரிய எழுத்தில் தேதி இருக்கும்! தேதியை நம்பும் பிராண்டுக்கு சூப்பர்மார்க்கெட் ஒரு வலை.

‘சரி, இருக்கிற 600 வீடும் விசுவாசமா இருந்தா போதாதா?’ போதாது. பைரன் ஷார்ப் என்ற மார்க்கெட்டிங் பேராசிரியர் 2010-ல் வெளியான ‘ஹௌ பிராண்ட்ஸ் க்ரோ’ புத்தகத்தில் இதை விரிவாக விளக்குகிறார். சின்ன பிராண்டுக்கு வாங்குபவர்களும் குறைவு, அவர்களின் விசுவாசமும் சற்றுக் குறைவாகவே இருக்கும். வளர்ச்சி பெரும்பாலும் புது ஆட்களால்தான் வரும் என்பது அதன் சாரம். நம் கணக்கில் மாதம் நூற்றுக்கு 3 வீடு ஊர் மாறியோ இன்ஸ்டன்ட்டுக்கு மாறியோ போகிறது என்றால், 18 வீடு போச்சு. இருந்த இடத்தில் நிற்கவே மாதம் 18 புது வீடு வேண்டும்.

இங்கேதான் விளம்பரக் காசைச் செலவழிக்க வேண்டும். ரெண்டு தடவை டிகாக்ஷன் போட 50 கிராம் போதும். அடக்க விலையில் அது 28 ரூபாய். புது அபார்ட்மென்ட், பேச்சிலர் மேன்ஷன், ஆபீஸ் வாசல் என்று மாதம் 200 சாம்பிள் கொடுத்தால் 5,600 ரூபாய். ஐந்தில் ஒருவர் திரும்பி வந்தால்கூட 40 வீடு. ஒரு வீட்டைப் பிடிக்க 140 ரூபாய். அந்த வீடு முதல் மாதம் வாங்கும் ஒரு கிலோவிலேயே அது திரும்பிவிடும். இந்த ‘ஐந்தில் ஒருவர்’ என்ற எண்ணை அனுமானமாக விடாமல், எந்த சாம்பிள் எந்தத் தெருவில் கொடுத்தது, யார் திரும்பி வந்தார்கள் என்று நோட்டில் எழுதி வைக்க வேண்டும். பத்தில் ஒருவராக இறங்கினால் செலவு இரட்டிப்பு. அப்போது சாம்பிள் கொடுக்கும் இடத்தை மாற்ற வேண்டும்.

எதை விட்டுக்கொடுப்பது?

தேதியை முன்னால் போட்டால் பல ஆசைகளை விட்டாக வேண்டும். ஸ்டாக் தூளாக இருக்கக் கூடாது. கொட்டையாகத்தான் இருக்க வேண்டும். வாரம் ரெண்டு நாள் வறுவல், வாட்ஸ்அப்பில் ஆர்டர் வந்த பிறகு அரவை, அன்றோ மறுநாளோ டெலிவரி. அந்த வேகத்தில் பைக் போய்வரக்கூடிய தூரம்தான் கடையின் எல்லை. அடுத்த மாவட்டத்திலிருந்து வரும் ஏஜென்சி கோரிக்கைக்கு ‘இப்போ வேண்டாங்க’ என்று சொல்லத் தெரிய வேண்டும். வளர வேண்டுமென்றால் அங்கேயே ஒரு வறுவல் மெஷினோடு இரண்டாவது கடை போட வேண்டும். அது மெதுவான வழிதான்.

இந்த உத்தி சறுக்கும் இடமும் உள்ளேதான் இருக்கிறது. ஒரு வாரம் விற்பனை படுத்தால், மீந்த பழைய கொட்டையைப் புதுசோடு கலந்து அரைத்து, புதுத் தேதி குத்தத் தோன்றும். அந்த ஒரு முத்திரையோடு கடையின் ஒரே ஆயுதம் போய்விடும். சனிக்கிழமை ராத்திரி மீந்திருக்கும் கொட்டையை எடை போட்டால் அபாயம் முன்கூட்டியே தெரியும். வாராவாரம் எடை கூடினால், வறுக்கும் அளவு ஆர்டரைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

ஊர்ப்பெயரை மட்டும் நம்புவதும் ஆபத்து. ‘கும்பகோணம் டிகிரி காபி’ போர்டு இன்று எத்தனை நெடுஞ்சாலைகளில் தொங்குகிறது! யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளக்கூடிய பெயர் யாருக்கும் தனிப் பலம் தருவதில்லை. தேதியை நகலெடுக்க வேண்டுமென்றால் போர்டு எழுதினால் மட்டும் போதாது, வாரம் ரெண்டு தடவை வறுக்கவும் வேண்டும்.

உண்மையான போட்டி, பெரிய கம்பெனியின் ஃபில்டர் தூளைவிட இன்ஸ்டன்ட் தூள்தான். காலை ஏழரை மணிக்கு ஆபீஸ் கேப் வாசலில் நிற்கும்போது டிகாக்ஷன் இறங்கக் காத்திருக்க யாருக்கும் நேரமில்லை. புதுத்தூள் அந்தப் பிரச்சினையைத் தீர்க்காது. எனவே சாம்பிள் பாக்கெட்டின் பின்பக்கத்தில் ஒரு வரி இருக்கட்டும்: ராத்திரி தூங்கப் போகும்முன் ஃபில்டரில் போட்டு வைங்க, காலையில் பால் மட்டும் காய்ச்சினால் போதும்.