சளி மாத்திரை போட்டுட்டு நைட்ல கார் ஓட்டலாமா? சட்டம் சொல்வதும், சாவியை எடுக்கும் முன் பார்க்க வேண்டியதும்

வெள்ளிக்கிழமை இரவு. சென்னையில் வேலை பார்க்கும் ஒருவர் மதுரைக்குக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். காலை 6.30-க்கு எழுந்தவர். இரவு 9 மணி வரை லேப்டாப். மூக்கு ஒழுகுகிறதே என்று மெடிக்கலில் ஒரு சளி மாத்திரை வாங்கிப் போட்டாச்சு. 11 மணிக்கு வண்டியை எடுத்தால் காலையில் அம்மா கையால் காபி. குடிக்கவில்லை, லைசென்ஸ் இருக்கிறது, சீட் பெல்ட் போட்டிருக்கிறார். போலீஸ் நிறுத்தி ஊதச் சொன்னாலும் மெஷினில் பூஜ்யம்தான் வரும்.

ஆனால், அவர் வண்டி ஓட்டும் நிலையில் இருக்கிறாரா?

ஒரு கணக்கு பார்க்கலாம். தூக்கமின்மையையும் மதுவையும் ஒப்பிட்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டாசன், ரீட் இருவரும் செய்த ஆய்வு 1997-ல் 'நேச்சர்' இதழில் வெளியானது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், 100 மி.லி. ரத்தத்தில் 50 மி.கி. ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்பது அதன் முடிவு. 24 மணி நேரம் விழித்திருந்தால் அது கிட்டத்தட்ட 100 மி.கி.-க்குச் சமம். இந்தியச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவோ 30 மி.கி.தான்.

நம் மதுரைக்காரர் 17 மணி நேரத்தைத் தொடுவது இரவு 11.30-க்கு. அதாவது, பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டுவதற்கு முன்பே. பெரம்பலூர் பக்கம் போகும்போது மணி 3 ஆகியிருக்கும். விழித்து 20 மணி நேரத்துக்கு மேல். உடம்பின் கடிகாரமே 'தூங்கு' என்று அழுத்தும் நேரமும் அதுதான். அதிகாலை 2 முதல் 6 வரை. இதன் மேல் அந்த மாத்திரை வேறு.

மாத்திரையில் என்ன இருக்கிறது?

சளிக்கு மெடிக்கலில் கிடைக்கும் பல மாத்திரைகள் கூட்டு மருந்துகள். 'பாராசிட்டமால்தானே' என்று நினைத்துப் போடுவோம். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் கூடவே குளோர்பெனிரமைன் என்று ஒரு பெயர் இருக்கும். பழைய தலைமுறை ஒவ்வாமை மருந்து அது. மூளைக்குள் போய் விழிப்பைக் குறைக்கும். உடம்பிலிருந்து வெளியேற ஒரு நாளுக்கு மேலும் எடுக்கும். இரவு போட்டது மறுநாள் காலை ஆபீஸ் போகும்போதும் உள்ளே இருக்கும் என்று அர்த்தம். இன்னொரு சிக்கல், தூக்கம் வருவதாகத் தோன்றாமலே பிரேக் பிடிக்கும் வேகம் குறையலாம். 'எனக்கு ஒண்ணும் பண்ணல' என்பது இங்கே சோதனையே இல்லை. செட்ரிசின் இதைவிடப் பரவாயில்லை என்றாலும் சிலருக்குத் தூக்கம் வரும். ஃபெக்ஸோஃபெனடின் பெரும்பாலும் தூக்கம் தராது. நீண்ட தூரம் ஓட்ட வேண்டியிருந்தால் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ அதைச் சொல்லி, மாற்று மருந்து கேட்கலாம். கேட்டால்தான் சொல்கிறார்கள் என்பது வேறு விஷயம். மாத்திரை கவருக்குள் போகும்போது 'வண்டி ஓட்டுவீங்களா?' என்று கேட்கும் பழக்கம் நம்மூர் கவுன்டர்களில் இன்னும் வரவில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் பிரிவு 185-ஐ எல்லோரும் 'டிரங்க் அண்ட் டிரைவ்' என்றே நினைக்கிறோம். அதில் மதுவோடு போதை தரும் மருந்துகளும் உண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு, போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ள பொருட்களும் இதில் அடங்கும். அந்தப் பட்டியலில் கஞ்சா மட்டுமில்லை, மருத்துவர் எழுதித்தரும் அல்பிரசோலம், குளோனசிபாம், சோல்பிடெம் போன்றவையும் இருக்கின்றன. மாத்திரை போட்டதே குற்றம் ஆகாது. அதனால் வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத நிலையில் ஓட்டினால்தான் குற்றம். ஆனால், மருந்துச்சீட்டு இருந்தால் தப்பிக்கலாம் என்று அந்தப் பிரிவில் எங்கும் இல்லை. முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

அடுத்தது பலரும் கேள்விப்படாத பிரிவு 186. தன் ஓட்டுதல் மற்றவர்களுக்கு ஆபத்தாகும் அளவுக்கு நோயோ உடல் குறைபாடோ இருப்பது 'தெரிந்தே' ஓட்டுவது குற்றம். அபராதம் முதல் முறை 1,000 ரூபாய் வரை, அடுத்து 2,000 வரை. ஒரு பெட்ரோல் டேங்க் நிரப்பும் காசுகூட இல்லை. அதோடு, வெறும் தூக்கக் கலக்கம் 'நோய்' ஆகுமா என்ற கேள்விக்கும் சட்டத்தின் வாசகத்தில் நேரடி பதில் கிடையாது. தூக்கத்தை அளக்க ரோட்டில் மெஷினும் இல்லை. அதனால் நடைமுறையில் சட்டம் வருவது விபத்துக்குப் பிறகுதான்: பிரிவு 184-ன் ஆபத்தான ஓட்டுதல், உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதா 106(1)-ன் அலட்சியத்தால் மரணம், 5 ஆண்டு வரை சிறை. 'கண் அசந்துட்டேன் சார்' என்று சொல்வது தற்காப்பாகாது. முன்பே தெரியாதா, ஏன் நிறுத்தவில்லை என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும்.

இன்னொரு பிரிவு, 188. 184, 185, 186-ல் உள்ள குற்றத்தைச் செய்யத் தூண்டுபவருக்கும் அதே தண்டனை. 'ஒண்ணும் ஆகாது மச்சி, ஓட்டு' என்று பக்கத்து சீட்டில் இருந்து சொல்பவரும், தூக்கமில்லாத டிரைவரை மறுபடி ட்ரிப்புக்கு அனுப்புபவரும் இதைப் படித்துக்கொள்வது நல்லது. கார் இன்சூரன்ஸிலும், மது அல்லது போதை மருந்தின் தாக்கத்தில் ஓட்டியபோது நேர்ந்த சேதத்துக்குப் பணம் கிடையாது என்ற விதிவிலக்கு வழக்கமாக இருக்கும்.

கிளம்பும் முன் என்ன பார்ப்பது?

முதலில் மணியை எண்ணுங்கள். எழுந்த நேரத்தில் இருந்து, போய்ச் சேரும் நேரம் வரை. கிளம்பும் நேரம் வரை எண்ணுவதில்தான் எல்லோரும் தப்பு செய்கிறோம். 17-ஐத் தாண்டினால், விடியற்காலை கிளம்புவது அல்லது பஸ், ரயில். பிறகு, கடந்த 24 மணி நேரத்தில் போட்ட மாத்திரைகளின் அட்டைகளைத் திருப்பிப் பாருங்கள். புது மருந்து அல்லது டோஸ் கூட்டிய மருந்து என்றால், உடம்பு எப்படி எடுத்துக்கொள்கிறது என்று தெரியும்வரை வண்டி வேண்டாம். ஆனால், ஓட்டுவதற்காக வலிப்பு, பிரஷர் மாத்திரையை விடுவது அதைவிட ஆபத்து.

இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு எடுப்பவர்களுக்கு ஒரு தனிக் கணக்கு. கிளம்பும் முன் குளுக்கோமீட்டரில் 90-க்குக் கீழே காட்டினால் முதலில் சாப்பிட வேண்டும். ஏற்கெனவே சர்க்கரை இறங்கி வியர்த்து நடுங்கியிருந்தால், அளவு சரியான பிறகும் 45 நிமிடம் காத்திருக்கச் சொல்கின்றன பிரிட்டன் விதிமுறைகள். மீட்டர் சரியாகிவிட்டாலும் மூளை முழுதாகத் தெளிய நேரம் பிடிக்கும்.

வழியில் என்றால், அடிக்கடி கொட்டாவி, கோடு மாறிப்போவது, கடைசி சில கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்றே ஞாபகமில்லாதது. இதில் ஒன்று வந்தாலும் அடுத்த பெட்ரோல் பங்க்கில் நிறுத்திவிட வேண்டும். 90 கி.மீ. வேகத்தில் 4 விநாடி கண் மூடினால் வண்டி 100 மீட்டர் ஓடியிருக்கும். ஏசியைக் கூட்டுவது, பாட்டுச் சத்தம், முகத்தில் தண்ணீர் எல்லாம் சில நிமிடங்களுக்குத்தான் தாங்கும். ஒரு காபி குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் தூங்குவது உதவும். காபி வேலை செய்ய அரை மணி நேரம் ஆவதால் எழும்போது இரண்டும் சேர்ந்து வரும். எழுந்ததும் உடனே சாவியைத் திருகாமல் கால் மணி நேரம் நடக்க வேண்டும். தூக்கம் தரும் மாத்திரை உள்ளே இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அந்த இரவுக்கு ஓட்டம் அங்கேயே முடிந்தது.