பலகையைப் பார்த்துப் பேசாதீர்கள்

"மூன்று விதப் பிள்ளைகளுக்கு மூன்று பாடமா நடத்துவது?" என்று அலுத்துக்கொள்ளும் ஆசிரியர்களே, ஒரே பாடம் போதும்.

ஐந்தாம் வகுப்பில் காகிதத்தை மடித்துப் பின்னம் நடத்தினேன். காது மந்தமான சிறுமி என் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாள். பலகைப் பக்கம் திரும்பிப் பேசினால் அவளுக்குப் பாடமே இல்லை. எழுதி முடித்துத் திரும்பிய பிறகே பேசினேன்.

டிஸ்லெக்சியா உள்ள பையனைப் பலகையைப் பார்த்து எழுத வைக்கவில்லை. கணக்கை நானே வாசித்தேன், அவன் வாயால் விடை சொன்னான். பின்பெஞ்சில் அவன் சொன்னது அவளுக்குக் கேட்காதே! அவள் முகம் பார்த்துத் திரும்பச் சொன்னேன்.

முந்தி முடித்தவனுக்கு இன்னும் பத்துக் கணக்கு கொடுப்பது தண்டனை. "1/4-க்கும் 1/3-க்கும் நடுவே ஒரு பின்னம் சொல்" என்றேன். மாலையில் 7/24 என்று வந்து நின்றான்.

இதற்கு எந்த நிதி வேண்டும், சொல்லுங்கள்?