பெயரில் ‘வாரியம்’ இருந்தால் அரசு நிறுவனமா?

கேள்வி: ‘தேசிய’, ‘வாரியம்’ என்ற சொற்கள் பெயரில் இருந்தால் அந்த அமைப்பு அரசுக்குச் சொந்தமானதா?

பதில்: அப்படிக் கொள்ள முடியாது. மும்பையிலேயே தலைமையகம் கொண்ட இரண்டு வாரியங்கள் இதைக் காட்டுகின்றன.

தாராவியை அடுத்த பாந்த்ரா குர்லா வளாகத்தில் உள்ள ‘செபி’, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் வாரியம். 1992-ல் நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டத்தால் அதிகாரம் பெற்றது. அதன் தலைவரை மத்திய அரசு நியமிக்கிறது. வான்கடே மைதானத்தில் இயங்கும் இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியமோ, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான சங்கம். அரசியலமைப்பின் 12-வது பிரிவு கூறும் ‘அரசு’ என்பதில் அது அடங்காது என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது பொதுப்பணி ஆற்றுவதால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்யலாம்; ஆனால் அதனால் உரிமை அரசுக்குப் போய்விடாது.

‘தேசிய’ என்ற சொல்லும் இப்படித்தான். யுபிஐ சேவையை நடத்தும் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம், வங்கிகள் பங்குதாரர்களாக உள்ள லாபநோக்கற்ற நிறுவனம்.

ஆகவே பார்க்க வேண்டியவை மூன்று: தனிச் சட்டத்தால் பிறந்ததா அல்லது சங்கமாகவோ நிறுவனமாகவோ பதிவானதா, பங்குகள் யாரிடம் உள்ளன, நிர்வாகிகளை நியமிப்பது யார்.

— ஒரு வாசகர், மாட்டுங்கா, மும்பை