நாளைக்குக் கடைசி நாள் சார்

எங்கள் பக்கத்தில் ‘சிபாரிசு’ என்பது நல்ல சொல் இல்லை. வேலைக்கும் சீட்டுக்கும் எம்.எல்.ஏ.விடமோ பாதிரியாரிடமோ சாதிச் சங்கத் தலைவரிடமோ வாங்கி வருவதற்குத்தான் அந்தப் பெயர். அது கிடைக்காத வீடுகளில் “யாருகிட்டயும் போய் நிக்காத” என்று சொல்லியே பிள்ளைகளை வளர்க்கிறார்கள். அப்படி வளர்ந்த ஒருவர் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது, பழைய பேராசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்க வேண்டி வருகிறது. அங்கே அவருக்குக் கூச்சம் வந்துவிடுகிறது. நாளை கேட்கலாம், நாளை கேட்கலாம் என்று தள்ளிப்போட்டு, கடைசி நாளுக்கு முந்தின இரவு வாட்ஸ்அப்பில் தட்டுகிறார்.

தோவாளைப் பக்கத்துத் தங்கை ஒருத்தி அப்படித்தான் செய்தாள். பூக்கட்டும் குடும்பம், வீட்டில் முதல் பட்டதாரி. நாகர்கோவிலில் எம்.ஏ. பொருளாதாரம் முடித்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பிக்க ஜனவரி 10 கடைசி நாள். 8ஆம் தேதி இரவு பேராசிரியரின் பெயரையும் மின்னஞ்சலையும் விண்ணப்பத்தில் சேர்த்துவிட்டு, “சார் வணக்கம், ஒரு லெட்டர் வேணும், நாளான்னிக்கு லாஸ்ட் டேட்” என்று செய்தி அனுப்பினாள்.

அவர் மறுக்கவில்லை. மறுநாளே எழுதி அனுப்பி, அவளுக்கும் ஒரு பிரதி கொடுத்தார். மொத்தம் மூன்று வரிகள். ஒழுக்கமானவர், பணிவானவர், தாழ்த்தப்பட்ட ஏழைக் குடும்பத்திலிருந்து சிரமப்பட்டுப் படித்து வந்தவர். அவள் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளர்கள் 40 பேரைச் சந்தித்து, மழை நாட்களில் வெட்டு நின்றால் கூலி என்ன ஆகிறது என்று கணக்கெடுத்த ஆய்வைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. அந்த ஆய்வுக்கு வழிகாட்டியதே அவர்தான்.

அந்த ஆண்டு அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. கடிதம் ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மூன்று வரிகளை யோசித்துப் பாருங்கள். பேராசிரியர் கெட்டவர் அல்ல. வருடா வருடம் புதிய முகங்களைப் பார்க்கிறவர். ஒரு நாளுக்குள் எழுதச் சொன்னால், நினைவில் இல்லாத இடத்தை எதை வைத்து நிரப்புவார்? ஊர் அவர் கையில் ஏற்கெனவே கொடுத்து வைத்திருக்கும் சொற்களை வைத்துத்தான். நம் பிள்ளைகளுக்கு அந்தச் சொற்கள் ‘பணிவு’, ‘அடக்கம்’, ‘பாவம்’. பேராசிரியரின் தெருவிலேயே குடியிருக்கும், அதே கோயிலிலோ சர்ச்சிலோ ஞாயிற்றுக்கிழமை பார்க்கும் மாணவரைப் பற்றி அவருக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. பழக்கம் அந்த வேலையைச் செய்துவிடும். அந்தப் பழக்கம் இல்லாத நாம் அதைத் தாளில்தான் கொடுக்க முடியும்.

அடுத்த ஆண்டு அவள் நவம்பர் முதல் வாரத்திலேயே எழுதினாள். உட்கார்ந்து நாங்கள் இருவரும் திருத்திய மின்னஞ்சல் ஏறக்குறைய இது:

“மதிப்பிற்குரிய ஐயா, உங்களிடம் எம்.ஏ. படித்த மாணவி நான். ரப்பர் தொழிலாளர்களின் மழைக்கால வருமானம் பற்றிய என் ஆய்வுக்கு நீங்கள்தான் வழிகாட்டி. வளர்ச்சியியல் முதுகலைக்கு மூன்று பல்கலைக்கழகங்களில் விண்ணப்பிக்கிறேன். முதல் கடைசி நாள் ஜனவரி 10. டிசம்பர் 20க்குள் கடிதம் போய்விட்டால் எனக்கு நிம்மதி. என் ஆய்வை நேரில் பார்த்தவர் நீங்கள் என்பதால் கேட்கிறேன். நேரம் இல்லையென்றாலோ, விரிவாக எழுத இயலாது என்று தோன்றினாலோ தயங்காமல் சொல்லுங்கள், வேறு ஆசிரியரிடம் கேட்டுக்கொள்வேன். நீங்கள் சம்மதித்த பிறகே உங்கள் பெயரை விண்ணப்பத்தில் சேர்ப்பேன்.”

அவர் சரி என்ற பிறகு, இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு போனது. எந்தப் படிப்பு, ஏன் அது, மதிப்பெண், ஆய்வின் ஒரு பக்கச் சுருக்கம், அதில் அவர் திருத்திய இடம் எது என்பது. முதலில் அவள் தொழிலாளர்களிடம் மாத வருமானத்தைக் கேட்டிருந்தாள். “மாசக் கணக்கு யாருக்கும் நினைவிருக்காது, வெட்டாத நாளை எண்ணு” என்று மாற்றச் சொன்னது அவர்தான். அதை நினைவூட்டியதும் அவருக்கு அவள் முகம் திரும்பி வந்திருக்கும் என்று நினைக்கிறேன். இப்படி ஒரு சம்பவம், பத்துப் புகழ்ச் சொற்கள் செய்யாத வேலையைச் செய்யும்.

குறிப்பின் கடைசியில் இன்னொரு வரி இருந்தது. அதை எழுத அவளுக்கு இரண்டு நாள் பிடித்தது. “என் சாதியையும் குடும்ப வறுமையையும் பற்றி என் விண்ணப்பக் கட்டுரையில் நானே எழுதியிருக்கிறேன். கடிதத்தில் என் வேலையைப் பற்றி எழுதினால் போதும்.” இதை எல்லோரும் எழுத வேண்டும் என்பதில்லை. இடைவெளி விழுந்த ஆண்டையோ, குறைந்த மதிப்பெண்ணையோ ஆசிரியர் வாயால் விளக்கச் சொல்வது உதவும் இடங்கள் உண்டு. ஆனால் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதை முடிவு செய்வது உங்கள் உரிமை. சொல்லாமல் விட்டால் அது அவருடைய இரக்கத்தின் கையில் போய்விடும்.

நவம்பரில் ஏன் கேட்க வேண்டும் என்றால், நம் மாவட்டத்து நாட்காட்டி அப்படி. நவம்பர் பருவத்தேர்வு மாதம், பிறகு விடைத்தாள் திருத்தும் பணி. டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை. பிறகு கிறிஸ்துமஸ், சுசீந்திரம் மார்கழித் தேரும் வரும். ஜனவரி 10க்குக் கேட்கிற ஆளுக்கு உண்மையில் கையில் இருப்பது மூன்று வாரம்தான். அவள் டிசம்பர் 10 அன்று ஒரு வரி நினைவூட்டினாள். அதற்கு மேல் தொந்தரவு செய்ய வேண்டியிருக்கவில்லை.

இணையதளத்திலும் இடறும் இடங்கள் உண்டு. பல தளங்களில் ஆசிரியரின் பெயரைச் சேர்த்த உடனே அவருக்கு இணைப்பு போய்விடும். சிலவற்றில் விண்ணப்பத்தை முழுதாகச் சமர்ப்பித்த பிறகே போகும். எது என்று முன்னரே பாருங்கள். இரண்டு நாளில் வரவில்லை என்றால் ஸ்பாமில் தேடச் சொல்லுங்கள். கல்லூரி மின்னஞ்சல்தான் வேண்டும் என்று கேட்கும் இடங்களும் இருக்கின்றன, ஓய்வுபெற்றவரிடம் அது இருக்காது. அப்போது விண்ணப்பப் பிரிவுக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும்.

“நீயே எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போடுறேன்” என்பதும் நம் கல்லூரிகளில் சாதாரணம். வசதிதான். ஆனால் உங்கள் கட்டுரையின் நடையும் இரண்டு கடிதங்களின் நடையும் ஒன்றாக இருந்தால், படிக்கிறவர்களுக்கு மூன்றுமே ஒரே கை எழுதியது என்று தெரிந்துவிடும். “குறிப்பு கொடுத்திருக்கேன் சார், உங்க வார்த்தையில எழுதினா நல்லாயிருக்கும்” என்று சொல்லிப் பார்க்கலாம்.

அண்ணல் அம்பேத்கரும் கொலம்பியாவிலிருந்து லண்டன் போனபோது பேராசிரியர் செலிக்மனின் பரிந்துரை அவருக்குத் துணையாக இருந்தது. அந்த செலிக்மன்தான் 1925இல் வந்த அவருடைய மாகாண நிதி பற்றிய நூலுக்கு முன்னுரை எழுதியவர். வகுப்பில் அவர் பார்த்த வேலைதான் அந்தப் பரிந்துரைக்கு அடிப்படை. அதைக் கேட்டு வாங்குவது யார் காலிலும் நிற்பது அல்ல.

டிசம்பர் 15 அன்று தங்கைக்குப் பேராசிரியரிடமிருந்து அழைப்பு வந்தது. “மக்களே, வெட்டாத நாள் கணக்கு ஒரு அட்டவணை போட்டிருந்தியே, அது என்கிட்ட இல்ல, அனுப்பு” என்றார். கடிதம் 19ஆம் தேதி போனது. இந்த முறை அவள் அதைப் பார்க்கக் கேட்கவில்லை.